நாற்பத்தாறு என்று எண்ணி முடித்த பிறகு

இரண்டு பெண் குழந்தைகளின் கேரியோடைப் படங்கள், அதாவது அவர்களுடைய செல்லில் உள்ள குரோமோசோம்களை அடுக்கிக் காட்டும் படங்கள், மேசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு குழந்தைகளுக்கும் டவுன் சின்ட்ரோமுக்கான அடையாளங்கள் தெரிகின்றன. உடம்பு துவண்டு கிடக்கிறது, கண் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, உள்ளங்கையில் ஒரே குறுக்கு ரேகை. முதல் குழந்தையின் படத்தில் குரோமோசோம்களை எண்ணினால் 47 வருகிறது. இரண்டாவது குழந்தையின் படத்தில் 46தான். பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துப் பார்த்தால், முதல் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம், இரண்டாவது குழந்தைக்கு இல்லை என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் இரண்டு பேருக்கும் இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்தப் பெற்றோர்களுக்கு அடுத்த குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டிய பதில் இரண்டாவது வீட்டில்தான் முற்றிலும் வேறாக இருக்கப்போகிறது. படத்தை எப்படி எண்ணுவது, எண்ணியதை எந்த அளவுக்கு நம்புவது என்று இந்த இரண்டு படங்களை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில், கையில் இருப்பது என்ன படம் என்று தெரிய வேண்டும். பெரியதிலிருந்து சிறியதுவரை ஜோடி ஜோடியாக, வரிசையாக, கீழே எண் போட்டு நிற்கும் அந்தப் படம் செல்லுக்குள் இருக்கும் காட்சி இல்லை. செல்லுக்குள் குரோமோசோம்களுக்கு வரிசையும் கிடையாது, ஜோடியும் கிடையாது. கொட்டிவிட்ட புளியங்கொட்டை மாதிரி சிதறிக் கிடக்கும். அந்தச் சிதறலைப் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, அடையாளம் கண்டு, ஒருவர் அடுக்கி வைத்ததுதான் நாம் பார்க்கும் வரிசை. முன்பெல்லாம் கத்தரிக்கோலும் பசையும் வைத்து நிஜமாகவே வெட்டி ஒட்டினார்கள். இப்போது அதே வேலை கணினித் திரையில் நடக்கிறது. எப்படி அடுக்கினாலும், அந்த வரிசை ஏற்கெனவே ஒருவர் எடுத்த முடிவு. அதனால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் எண்ணிக்கையை வரிசைப் படத்தில் எடுப்பதில்லை. சிதறல் படத்தில்தான் எண்ணுவார்கள்.

அந்தச் சிதறல் எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், படத்தில் வரும் பிழைகளும் தாமாகவே புரிந்துவிடும். குழந்தையின் ரத்தத்தை உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுக்கிறார்கள். சிவப்பணுக்களில் உட்கரு இல்லை, அதனால் அவை பயன்படாது. வெள்ளையணுக்களில் லிம்போசைட்டுகள்தான் வேண்டும். ஆனால் அவை ரத்தத்தில் பிரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவை. அவரைக் குடும்பத்து விதையிலிருந்து எடுக்கும் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற புரதத்தைச் சேர்த்தால், அவை விழித்துக்கொண்டு பிரியத் தொடங்கும். 37 டிகிரியில் ஏறக்குறைய 72 மணி நேரம் வளர்த்த பிறகு கோல்செமிட் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். செல் மெட்டாஃபேஸ் என்ற கட்டத்திலேயே நின்றுபோகும். குரோமோசோம்கள் மிகவும் சுருங்கித் தடித்து, நன்றாகத் தெரியும் கட்டம் அது.

அடுத்து வருவது மிக எளிமையான ஒரு வேலை, ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. செல்களை நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் போடுகிறார்கள். வெளியே உப்பு குறைவு என்பதால் தண்ணீர் உள்ளே புகுந்து செல் உப்பும், குரோமோசோம்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பிறகு மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று சேர்த்த கலவையில் அவற்றை நிலைநிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டு விடுகிறார்கள். சொட்டு பரவும்போது செல் தட்டையாகி, குரோமோசோம்கள் விரிகின்றன. உப்ப வைப்பது போதாவிட்டால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், எண்ண முடியாது. அதிகமாகிவிட்டால் செல் வெடித்து, ஒன்றிரண்டு குரோமோசோம்கள் தள்ளிப்போய் விழும், எண்ணிக்கை குறையும்.

மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் என்ற கேள்விக்கே உலகம் நீண்ட காலம் தவறான விடை சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணமும் இதுதான். 1920களில் தியோஃபிலஸ் பெயின்டர் நெருக்கியடித்துக் கிடந்த படங்களை வைத்து 48 என்று சொன்னார். முப்பது வருடங்களுக்கு மேல் பாடப்புத்தகங்களில் அதுதான் இருந்தது. 1952இல் டி.சி. சூ உப்பு குறைந்த கரைசலின் பலனைக் கண்டறிந்தார். 1956இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் அந்த முறையோடு, கோல்செமிட் போலவே செல்லை நிறுத்திவைக்கும் கோல்ச்சிசினையும் சேர்த்துப் பயன்படுத்தி, 46 என்று அறிவித்தார்கள். இடைப்பட்ட வருடங்களில் பலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 48 வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எண்ணினால் 48 வந்துவிடும். கேரியோடைப் பார்க்கிற எவரும் இதை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சரி, சிதறல் படத்தை எண்ணலாம். முதல்முறை எண்ணுகிற மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மெட்டாஃபேஸில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை இரட்டித்துக்கொண்டு, இரண்டு குரோமாட்டிட் இழைகளாக, சென்ட்ரோமியர் என்ற இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இழைகள் இரண்டாகத் தெரிகின்றனவே என்று தனித்தனியாக எண்ணினால் 92 வந்துவிடும். எண்ண வேண்டியது இடுப்பைத்தான். இடுப்பு ஒன்று என்றால் குரோமோசோம் ஒன்று. குறுக்கே படுத்திருக்கும் இரண்டையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகச் சிலுவை போல விழுந்து கிடந்தால் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், ஆனால் இடுப்பு இரண்டு இருக்கும். தவிர, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கிக் கண்போன போக்கில் எண்ணினால் எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று தெரியாது. படத்தின் மேல் இரண்டு மூன்று கோடு போட்டுப் பாத்தி பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் எத்தனை என்று குறித்துக்கொண்டு கூட்டுவதுதான் நல்ல பழக்கம். உதாரணமாக 11, 9, 14, 12 என்று வந்தால் 46. பிறகு இன்னொருவர் வேறு மாதிரிக் கோடு போட்டு எண்ண வேண்டும்.

அப்படியும் ஒரு செல்லில் 45 வரலாம், 47கூட வரலாம். 45 என்றால் பெரும்பாலும் ஒரு குரோமோசோம் விரியும்போது எங்கோ தள்ளிப்போய்விட்டது. 47 என்றால் பக்கத்துச் செல்லிலிருந்து ஒன்று வந்து விழுந்திருக்கலாம். குட்டிக் குரோமோசோம்கள் இரண்டு தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிவதும் உண்டு. 13, 14, 15, 21, 22 என்று எண் கொண்ட ஐந்து வகைக் குரோமோசோம்களுக்கும் இடுப்பு கிட்டத்தட்ட நுனியிலேயே இருக்கும், மேலே சாட்டிலைட் என்கிற சிறு குமிழ் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தலைப்பகுதிகள் உட்கருவுக்குள் ஒரே இடத்தில் கூடி வேலை செய்பவை, அதனால் தகட்டிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நெருங்கிக் கிடக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது குழந்தையின் கதை இந்த ஐந்து வகைகளுக்குள்தான் நடக்கிறது.

ஒரு செல்லை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்பதற்கு இவையெல்லாம்தான் காரணம். வழக்கமாக 20 செல்களை எண்ணுகிறார்கள். கைத்தவறால் தொலைந்தது என்றால் ஒரு செல்லில் 8-ஆம் குரோமோசோம் தொலைந்திருக்கும், இன்னொன்றில் 17-ஆம் குரோமோசோம் தொலைந்திருக்கும். நிஜமான குறை என்றால் செல்லுக்குச் செல் அதே குரோமோசோம்தான் இருக்காது. கூடுதலாக இருப்பதற்கும் இதே அளவுகோல்தான். எண்ணிக்கை மட்டும் பத்தாது, எது கூடியது என்பதும் திரும்பத் திரும்ப ஒத்துப்போக வேண்டும்.

எது என்று சொல்ல வேண்டுமானால் ஜோடி சேர்த்தாக வேண்டும். பட்டைச் சாயம் வருவதற்கு முன், 1960களில், நீளத்தையும் இடுப்பு இருக்கும் இடத்தையும் மட்டும் வைத்து ஏழு குழுக்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 13, 14, 15 சேர்ந்து D குழு. 21, 22, Y சேர்ந்து G குழு. 6 முதல் 12 வரையும் X-உம் C குழு. குழுவுக்குள் யார் யார் என்று சொல்ல முடியாது, எத்தனை பேர் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் இந்தப் பழைய முறை இன்றும் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது கணக்கைச் சரிபார்க்கும் வேகமான வழி. ஒரு பெண்ணின் செல்லில் நுனி இடுப்புள்ள நடுத்தரக் குரோமோசோம்கள் 6 இருக்க வேண்டும், நுனி இடுப்புள்ள குட்டிக் குரோமோசோம்கள் 4 இருக்க வேண்டும். ஆணுக்கு Y சேர்ந்து குட்டிகள் 5. மொத்தம் 46-ஐயும் எண்ணுவதற்கு முன்பே இந்த 6-ஐயும் 4-ஐயும் எண்ணிவிட்டால் பாதி விடை கையில் வந்துவிடும்.

1970களின் தொடக்கத்தில் பட்டைகள் வந்தன. தகட்டை ட்ரிப்சின் என்ற நொதியில் சில நொடிகள் நனைத்து, பிறகு ஜீம்சா சாயம் ஏற்றினால், ஒவ்வொரு குரோமோசோமின் மேலும் கறுப்பும் வெளுப்புமாகக் குறுக்குப் பட்டைகள் விழும். கடைக்காரர் கோடுபோட்ட அட்டையைப் படிப்பது போல ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். எல்லாப் பட்டைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகக்குறி இருக்கிறது. D குழு மூவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 13-க்குக் கறுப்பு கீழ்ப்பாதியில் கனமாக இருக்கும். 15-க்கு மேல்பாதியில். 14-க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிரிந்து நிற்கும். இடுப்புக்கு மேலே உள்ள பகுதியைக் குட்டைக் கை என்றும், கீழே உள்ளதை நீளக் கை என்றும் சொல்வார்கள். G குழுவில் 21-இன் நீளக் கையில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, அழுத்தமான ஒரு கறுப்புப் பட்டை. 22 மொத்தத்தில் வெளிறியது, நடுவில் மெலிந்த கோடு ஒன்றுதான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம், தனியாக ஒன்றைக் காட்டினால் தொடக்கத்தில் தடுமாறும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வரிசைப் படத்தைக் கவனித்துப் பார்த்தால் 21-ஆம் குரோமோசோம் 22-ஐவிடச் சிறியதாக இருக்கும். பெரியதிலிருந்து சிறியதுக்கு எண் கொடுத்தார்கள் என்றால் இது மாறியல்லவா இருக்க வேண்டும்? 1959இல் பாரிஸில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெழூன், ரேமோன் தூர்பென் மூவரும் டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களில் 47 குரோமோசோம் இருப்பதை வெளியிட்டார்கள். செல்களை வளர்த்து எண்ணும்படி செய்தவர் கோத்தியே. கூடுதலாக இருந்த அந்தக் குட்டிக் குரோமோசோமுக்கு 21 என்ற எண் நிலைத்துவிட்டது. பட்டைகள் வந்து அளந்து பார்த்தபோதுதான், அது இருவரில் சிறியவர் என்பது தெளிவானது. அதற்குள், 21 மூன்று இருப்பதைக் குறிக்கும் ‘டிரைசோமி 21’ என்ற பெயர் மருத்துவம் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. பெயரை மாற்றுவதைவிட வரிசை மாறி நிற்பதே மேல் என்று விட்டுவிட்டார்கள். அதனால் எல்லாவற்றிலும் சிறிய குட்டிதான் 22 என்று நினைத்து எண் போட்டால் தப்பாகிவிடும்.

இப்போது முதல் குழந்தையின் படத்துக்கு வரலாம். சிதறலில் பாத்தி பிரித்து எண்ணினால் 47, எண்ணிய 20 செல்களிலும் 47. நுனி இடுப்புள்ள நடுத்தரங்கள் 6, சரியாக இருக்கிறது. குட்டிகள் 4-க்குப் பதில் 5. கூடுதல் குட்டி Y-யாக இருக்குமோ என்று முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் XXY உள்ளவருக்கும் 47தான், குட்டிகளும் ஐந்துதான். Y-க்குச் சாட்டிலைட் இருக்காது, இரண்டு நீளக் கைகளும் விரியாமல் சேர்ந்தே தொங்கும். இந்தப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு X இருக்கின்றன. ஐந்து குட்டிகளில் மூன்றுக்கு இடுப்புக்குக் கீழே அந்த அழுத்தமான கறுப்புப் பட்டை. இரண்டு வெளிறியவை. அப்படியானால் கூடியிருப்பது 21. அறிக்கையில் இதை இப்படி எழுதுவார்கள்:

```
47,XX,+21
```

முதலில் மொத்த எண்ணிக்கை, பிறகு X, Y என்ற பாலினக் குரோமோசோம்கள், பிறகு மாறுபாடு. பெரும்பாலும் தாயின் முட்டை உருவாகும்போது 21-ஆம் ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விடுவதால் இது நேர்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு இந்த வகைதான். பெற்றோர் யாருடைய குரோமோசோமிலும் குறை இல்லை, அதனால் அவர்களுக்குக் கேரியோடைப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று, தாயின் வயது அதிகம் என்றால் அந்த வயதுக்குரிய வாய்ப்பு.

இரண்டாவது குழந்தையின் படம். சிதறலில் எண்ணினால் 46. இன்னொருவர் எண்ணினாலும் 46. இருபது செல்களிலும் அதேதான். எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால் இயல்பானது என்று எழுதி அனுப்பியிருப்போம். குட்டிகளை எண்ணுகிறோம், 4 இருக்கின்றன. அதுவும் சரி. நடுத்தரங்களை எண்ணுகிறோம், 5தான் இருக்கின்றன. 6 இருக்க வேண்டும். இங்கேதான் நாற்காலியை முன்னுக்கு இழுத்து உட்கார வேண்டும். மொத்தம் 46, D குழுவில் ஒன்று குறைவு என்றால் வேறு எங்கோ ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும். மற்ற குழுக்களைப் பார்த்துக்கொண்டே போனால், C குழு அளவில், எதனோடும் ஜோடி சேராமல் ஒன்று நிற்கிறது. அதன் இடுப்பு நுனியில் இல்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மேலே குட்டையான ஒரு கை, கீழே நீளமான ஒரு கை.

பட்டைகளைப் படிக்கலாம். கீழே உள்ள நீளக் கையில் மேலே ஒரு கறுப்பு, கீழே ஒரு கறுப்பு. அது 14-இன் முகக்குறி. வரிசையில் 14-ஆம் இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது, காணாமல் போன D இதுதான். மேலே உள்ள குட்டைக் கையில், இடுப்பை ஒட்டி அழுத்தமான ஒரே கறுப்புப் பட்டை, நுனி வெளுப்பு. 21-இன் நீளக் கையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது போல இருக்கிறது. உண்மையில் அதுவேதான். எப்போதோ ஒரு 14-உம் ஒரு 21-உம் இடுப்புப் பகுதியில் முறிந்து, நீளக் கைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்று இதற்குப் பெயர். இரண்டின் குட்டைக் கைகளும் தொலைந்துபோயின. ஆனால் அதனால் பாதகமில்லை. நுனி இடுப்புள்ள ஐந்து வகைகளின் குட்டைக் கைகளிலும் இருப்பவை ஒரே மாதிரியான மரபணுப் பிரதிகள்தான், மீதி இருப்பவை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது துண்டு துண்டாகக் கணக்குப் போடுவோம். 21-இன் நீளக் கைகள் எத்தனை? தனியாக நிற்கும் 21 இரண்டு, 14-இன் தலையில் ஏறியிருக்கும் 21 ஒன்று, ஆக மூன்று. 14-இன் நீளக் கைகள் தனியாக ஒன்று, ஒட்டியதில் ஒன்று, ஆக இரண்டு. அதாவது இந்தக் குழந்தைக்கும் 21 மூன்று முறை இருக்கிறது. மூன்றில் ஒன்று தனி இடுப்பு இல்லாமல் இன்னொருவர் தோளில் ஏறிக்கொண்டதால், இடுப்பை எண்ணும் நம் கணக்கில் விழவில்லை. அறிக்கை இப்படி வரும்:

```
46,XX,der(14;21)(q10;q10),+21
```

`der` என்பது இரண்டிலிருந்து உருவான புதிய குரோமோசோமைக் குறிக்கிறது. `q` நீளக் கையின் அடையாளம். `q10` என்றால் ஒட்டு விழுந்தது இடுப்பருகில் என்று பொருள். முதலில் 46 என்று எழுதிவிட்டுக் கடைசியில் `+21` என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பல பெற்றோர்கள் அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை. 46 என்பது இடுப்புகளின் எண்ணிக்கை, `+21` என்பது உள்ளே இருக்கும் சரக்கின் கணக்கு. பட்டைகள் எதுவும் இல்லாத 1960ஆம் ஆண்டிலேயே, பால் பொலானியும் அவருடன் வேலை செய்தவர்களும் லண்டனில், 46 குரோமோசோம் மட்டுமே இருந்த டவுன் சின்ட்ரோம் குழந்தை ஒன்றைக் கண்டு, இடமாற்றம்தான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் மூன்று நான்கு சதவீதம் பேருக்கு இந்த வகை.

மீதி ஒன்றிரண்டு சதவீதம் பேருக்கு வேறொரு சிக்கல். சில செல்களில் 47, சில செல்களில் 46. மொசைக் என்கிறார்கள். அறிக்கையில் இரண்டையும் எழுதி, எத்தனை செல்லில் எது என்று சதுர அடைப்புக்குள் போடுவார்கள்:

```
mos 47,XX,+21[12]/46,XX[8]
```

இந்த 12-உம் 8-உம் ரத்தத்தில் எண்ணிய 20 லிம்போசைட்டுகளின் கணக்கு மட்டுமே. மூளையிலும் இதயத்திலும் அதே விகிதம் இருக்கும் என்று சொல்ல முடியாது. 20 செல்களில் ஒன்றுகூட 47 இல்லை என்றாலும், சிறிய அளவு மொசைக் இருக்கவே இருக்காது என்றும் சொல்ல முடியாது. 47 உள்ள செல்கள் ஏழில் ஒன்றாவது இருந்தால் 20 எண்ணும்போது பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும், அதற்கும் குறைவாக இருந்தால் தப்பிவிடலாம். சந்தேகம் பலமாக இருந்தால் கூடுதலாக 30, 50 என்று எண்ணுவார்கள், அல்லது தோலிலிருந்து செல் எடுத்துப் பார்ப்பார்கள்.

திரும்பவும் இரண்டாவது குழந்தையின் வீட்டுக்கு வருவோம். அந்த ஒட்டுக் குரோமோசோம் குழந்தையிடம் புதிதாக உருவானதா, இல்லை பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. குழந்தையின் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. தாய், தந்தை இருவருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வகைக் குழந்தைகள் பலரில் அது புதிதாக உருவானதாகவே இருக்கும், பெற்றோர் இருவர் படமும் இயல்பாக இருக்கும். இங்கே தாயின் படத்தில் எண்ணிக்கை 45 வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

```
45,XX,der(14;21)(q10;q10)
```

ஒன்று குறைந்த இந்த எண்ணைப் பார்த்து அந்தத் தாய் பயந்துபோவது இயல்பு. ஆனால் மேலே போட்ட கணக்கை அவருக்கும் போட்டுப் பாருங்கள். 14-இன் நீளக் கை தனியாக ஒன்று, ஒட்டியதில் ஒன்று. 21-உம் அப்படியே. இரண்டுமே இரண்டிரண்டு. அவரிடம் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உடல் நலத்தோடு இருப்பார், இந்தப் பரிசோதனை இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலேயே இருந்திருக்கும். சிக்கல் முட்டை உருவாகும்போதுதான் வருகிறது. மூன்று குரோமோசோம்களை, அதாவது தனி 14, தனி 21, ஒட்டு ஆகியவற்றை, இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். சமமாகப் பிரிய வழியில்லை.

பிரியும் விதங்களை எழுதிப் பார்த்தால் ஆறு வகை முட்டைகள் வரும். தனி 14-உம் தனி 21-உம் சேர்ந்து போனால் முற்றிலும் இயல்பான குழந்தை. ஒட்டு மட்டும் போனால் தாயைப் போலவே 45 உள்ள, நலமான குழந்தை. ஒட்டோடு தனி 21-உம் போனால், தந்தையின் 21-உம் சேர்ந்து மூன்றாகி, நாம் பார்த்த இரண்டாவது குழந்தை. மீதி மூன்று வகைகளில் 14 கூடியோ, 14 குறைந்தோ, 21 குறைந்தோ போகும். அந்தக் கருக்கள் தாக்குப்பிடிப்பதில்லை, சில சமயம் கரு தங்கியதே தெரியாமல் போய்விடும், சில சமயம் தொடக்கத்திலேயே கலைந்துவிடும். இதுபோன்ற குடும்பங்களில் முன்பு இரண்டு மூன்று கருக்கலைவுகள் நடந்திருந்தால், அவற்றுக்கான காரணமும் பெரும்பாலும் இந்தப் படத்திலேயே கிடைத்துவிடுகிறது.

பிழைப்பவை மூன்று வகை, அதில் ஒன்று டவுன் சின்ட்ரோம். அப்படியானால் மூன்றில் ஒன்று என்று தோன்றும். நடைமுறையில் அவ்வளவு இல்லை. தாயிடம் இந்த ஒட்டு இருந்தால் டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தந்தையிடம் இருந்தால் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஒரு வகையில் மட்டும் கணக்கு வேறு. இரண்டு 21-களே ஒன்றோடொன்று ஒட்டிய குரோமோசோம் பெற்றோர் ஒருவரிடம் இருந்தால், அவரால் ஒன்று 21 இரண்டையும் சேர்த்துத் தர முடியும், அல்லது ஒன்றுமே தர முடியாது. பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் டவுன் சின்ட்ரோம் இருக்கும். படத்தில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் 21-உம் 21-உம் ஒட்டியது சிறியதாக, நடுவில் இடுப்போடு, 19, 20 இருக்கும் F குழுவோடு கலந்து நிற்கும். அங்கேயும் துப்பு கிடைப்பது இடுப்புக்கு மேலும் கீழும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒரே மாதிரி நிற்கும் அந்தக் கறுப்புப் பட்டைகளிலிருந்துதான்.

ஒட்டு எப்போது நடந்தது, தாயின் அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா என்று பின்னோக்கிப் பார்க்க முடிந்தால் பார்ப்பார்கள். தாய்க்கு அக்கா தங்கைகளோ அண்ணன் தம்பிகளோ இருந்தால், அவர்களுக்கும் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஒரு தங்கை இருந்தால் வீட்டில் இதைச் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தங்கையின் படத்தில் நடுத்தரங்கள் 6, குட்டிகள் 4, மொத்தம் 46 என்று வந்துவிட்டால் அவர் பக்கம் இந்தக் கவலை அத்தோடு தீர்ந்தது. 5, 3, 45 என்று வந்தால், கருவுற்ற பிறகு 11-ஆவது வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்தோ, 16-ஆவது வாரம் வாக்கில் பனிக்குட நீரிலிருந்தோ செல் எடுத்து, இதே போல ஒரு படம் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வழி அவருக்கு இருக்கிறது.